வடை விழவே இல்லையாம்

நுழையும்முன்

நாம் சிறுவயதில் கேட்ட கதைகள் நம் மொழியிலேயே பிறந்து, அதன் ஓசையிலேயே வளர்ந்தவை. அவற்றை வேற்றுமொழிக்குக் கொண்டு செல்லும்போது எது உடன் வருகிறது, எது பின்தங்குகிறது? யாவரும் அறிந்த காக்கைக் கதை ஒன்றை ஆங்கிலத்தில் சொல்ல முயன்ற ஒரு மாணவியின் அனுபவம் இங்கே கட்டுரையாகியுள்ளது.

தொலைபேசியில் ஒரு கதை

மதுரை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை நண்பகல் உணவு முடிந்ததும் ஒரு வீட்டின் திண்ணையில் எல்லோரும் கூடிவிடுவது வழக்கம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலிருந்து மகள் தொலைபேசியில் அழைக்கும் நேரம் அது. எழுபது வயதைக் கடந்த அப்பத்தா, திரையில் தெரியும் ஆறு வயதுப் பேரனின் முகத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அவனுக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. "சாப்பிட்டியாப்பா?" என்று அவர் கேட்பதும், அவன் சிரித்துக்கொண்டே கையசைப்பதுமாக இரண்டு நிமிடங்களில் அவர்கள் உரையாடல் முடிந்துவிடும்.

ஒரு ஞாயிறன்று அப்பத்தா அவனுக்குக் கதை சொல்லத் தொடங்கினார். தம் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் சொன்ன காக்கைக் கதைதான் அது. பாதிக் கதையில் திரையிலிருந்து சிறுவனின் முகம் மறைந்தது. ஒரு நாற்காலி மட்டும் தெரிந்தது. அப்பத்தா சற்று நேரம் அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு, "எம் பேச்சு அவனுக்கு வெறும் சத்தமால்ல போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே சென்றார்.

அருகில் அமர்ந்திருந்த பேத்தி பதினொன்றாம் வகுப்பில் படிப்பவள். அன்று மாலையே அப்பத்தாவை மீண்டும் கதை சொல்லச்செய்து கைப்பேசியில் பதிவு செய்துகொண்டாள். அதை ஆங்கிலத்தில் எழுதி, அடுத்த வாரம் சிறுவனுக்குப் படித்துக் காட்டுவது அவளது திட்டம். ஒரு பக்கக் கதைதானே, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று எண்ணினாள்.

அப்பத்தா சொன்னபடி

பதிவில் இருந்த கதை இதுதான்:

"ஒரு ஊருல ஒரு பாட்டி இருந்தாளாம். அவ மரத்தடியில அடுப்பக் கூட்டி, வடை சுட்டு வித்துக்கிட்டு இருந்தாளாம். மேல கிளையில ஒரு காக்கா உக்காந்து, பார்த்துக்கிட்டே இருந்துச்சாம். பாட்டி அங்கிட்டுத் திரும்பவும், டபக்குனு ஒரு வடையக் கொத்தி, விர்ருனு பறந்து போய், பக்கத்து மரத்துல உக்காந்துக்கிருச்சாம். அந்த வழியா ஒரு நரி வந்துச்சாம். வந்து, நின்னு, அண்ணாந்து பார்த்து, 'காக்கா அக்கா, காக்கா அக்கா, நீ எம்புட்டு அழகா இருக்க! உன் குரலும் அழகாத்தான் இருக்கும். ஒரே ஒரு பாட்டு பாடேன்'னு கேட்டுச்சாம். காக்கா யோசிச்சுச்சாம். யோசிச்சு, யோசிச்சு, வாயில இருந்த வடைய எடுத்து, காலுக்கடியில வச்சு, நல்லா அமுக்கிக்கிட்டு, 'கா... கா... கா...'ன்னு பாடுச்சாம். நரி வாயப் பொளந்துக்கிட்டு நின்னுச்சாம். நின்னுச்சாம், நின்னுச்சாம், வடை விழவே இல்லையாம்."

கதை முடிந்ததும் அப்பத்தா, "இப்ப ஏமாந்தது யாரு?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், "நரி!" என்று கூவுவார்கள். அத்துடன் கதை நிறைவுறும்.

முதல் முயற்சி

மாணவி தன் ஆங்கிலப் பாடநூல்களில் படித்த கதைகளின் நடையிலேயே எழுதினாள். 'ஒன்ஸ் அப்பான் எ டைம்' என்று தொடங்கினாள். வடையை 'டோனட்' ஆக்கினாள். 'டபக்குனு' என்பதை 'விரைவாக' என்று பொருள்படும் சொல்லால் நிரப்பினாள். காக்கை பாடும் இடத்தை, 'காலுக்கடியில் வடையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அது பாடியது' என்ற பொருள் தரும் ஒரே தொடரில் எழுதினாள். இறுதியில், 'நீதி: புகழ்ச்சிக்கு மயங்காதே' என்று சேர்த்தாள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிறன்று அதைப் படித்துக் காட்டினாள். நரி வந்தவுடனேயே சிறுவன், "எனக்குத் தெரியும். அது பாடும், கீழே விழுந்துவிடும்" என்றான். பள்ளியில் அவன் படித்த கதையில் காக்கையின் வாயில் இருந்தது பாலாடைக்கட்டி, அது விழுந்தது. மாணவி மேலே படித்தாள். காக்கை பாடியது, வடை விழவில்லை. அவன் சிரிக்கவில்லை. "டோனட் மேல் சர்க்கரை இருந்ததா?" என்று மட்டும் கேட்டான்.

திண்ணையின் மறுகோடியிலிருந்து கவனித்துக்கொண்டிருந்த அப்பத்தாவுக்கு ஆங்கிலம் புரியவில்லை. ஆயினும், பிள்ளைகள் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிப்பு வரவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. "அந்த எடத்துல அவசரப்பட்டுட்டியோ?" என்றார்.

அந்த ஒரு கேள்விதான் மாணவியை மீண்டும் பதிவைக் கேட்கச் செய்தது. இம்முறை அவள் சொற்களின் பொருளைக் கேட்கவில்லை. அவை வரும் வரிசையையும் ஓசையையும் கேட்டாள்.

'ஆம்' என்னும் ஓரசை

முதலில் அவள் காதில் விழுந்தது 'ஆம்'. பத்துத் தொடர்களே உள்ள கதையில் அது பன்னிரண்டு முறை வருகிறது. 'இருந்தாள்' என்றால் சொல்பவர் பொறுப்பேற்றுச் சொல்லும் செய்தி. 'இருந்தாளாம்' என்றால் சொல்பவரும் யாரிடமோ கேட்டது. அப்பத்தாவுக்கு அவர் அப்பத்தா சொன்னது. அவருக்கு வேறொருவர் சொன்னது. தலைமுறைகளின் வரிசை முழுவதையும் அந்த ஓரசை தாங்கி நிற்கிறது. ஒவ்வொரு தொடரையும் ஒரே ஓசையில் முடித்து, கேட்பவர் 'ம்' கொட்டுவதற்கு இடம் விடுவதும் அதுவே.

ஆங்கிலத்தில் வினையோடு ஒட்டி இப்பொருளைத் தரும் உருபு இல்லை. தனித்தொடராகத்தான் சொல்லவேண்டும்: 'தே ஸே'. மாணவி முதலில் எல்லா வரிகளிலும் அதைச் சேர்த்துப் பார்த்தாள். நான்காவது வரியிலேயே அலுப்புத் தட்டியது. தமிழில் 'ஆம்' வினைக்குள் கரைந்துவிடுவதால் திரும்பத் திரும்ப வந்தாலும் உறுத்துவதில்லை. ஆங்கிலத்தில் அது இரண்டு தனிச்சொற்களாக நிற்பதால் ஒவ்வொரு முறையும் கதையை நிறுத்திவிடுகிறது. மேலும், மிகையாக வந்தால், சொல்பவருக்கே கதையில் ஐயம் என்பதுபோலவும் ஒலிக்கிறது. எனவே முதல் வரியிலும், நரி வரும் இடத்திலும், கடைசி வரியிலும் மட்டும் அதை வைத்தாள். பன்னிரண்டில் மூன்று எஞ்சியது. இழந்த ஓசையை வேறு வழியில் ஈடுசெய்ய வேண்டியிருந்தது.

எது முன், எது பின்

இரண்டாவதாக அவள் கண்டது, அப்பத்தா 'அவசரப்பட்டுட்டியோ' என்று கேட்ட இடம். 'எடுத்து, வச்சு, அமுக்கிக்கிட்டு, பாடுச்சாம்' என்பதில் மூன்று வினையெச்சங்கள் முன்னே வர, முற்று இறுதியில் வருகிறது. செயல்கள் நடந்த வரிசையும் சொற்கள் வரும் வரிசையும் ஒன்றே. காக்கை வடையை எடுக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. காலுக்கடியில் வைக்கிறது, இலேசாகப் புரிகிறது. அமுக்கிக்கொள்கிறது, புரிந்துவிட்டது. அதன் பிறகே பாட்டு வருகிறது. கேட்கும் பிள்ளை காக்கையோடு சேர்ந்து சிந்திப்பதற்கு அந்த மூன்று எச்சங்களும் நேரம் கொடுக்கின்றன.

மாணவியின் ஆங்கிலத் தொடரில் 'பாடியது' என்னும் வினை முதலில் வந்து, 'காலுக்கடியில் வைத்துக்கொண்டு' என்னும் பகுதி அதற்குப் பின்னே ஒட்டிக்கொண்டது. ஆங்கில எழுத்து நடைக்கு அது இயல்பான அமைப்பே. ஆனால் கதைக்கு அது கேடாயிற்று. பாட்டு முதலில் வந்ததால் சிறுவன், 'விழப்போகிறது' என்று எண்ணி முடித்துவிட்டான். தந்திரம் பின்னால் ஒரு விளக்கக் குறிப்புப்போல வந்தது. சொற்கள் யாவும் சரியாக இருந்தும் நகைச்சுவை இறந்துபோனதற்குக் காரணம், அவற்றின் வரிசை தலைகீழானதே.

அவள் தன் ஆங்கில ஆசிரியையிடம் இதைச் சொன்னாள். ஆசிரியை அவளுக்கு இரண்டு செய்திகளைக் கூறினார். தமிழ்நாட்டுக் கதைகளை ஆங்கிலத்தில் சொல்லும் முயற்சி புதிதன்று, ச. ம. நடேச சாஸ்திரியும் ஜார்ஜியானா கிங்ஸ்கோட்டும் சேர்ந்து தென்னிந்தியக் கதைகளை 1890இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார்கள் என்பது ஒன்று. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பகுதியில் வாழும் சூனி மக்களின் கதைகளை ஒலிப்பதிவிலிருந்து ஆங்கிலமாக்கிய டென்னிஸ் டெட்லாக் என்னும் ஆய்வாளர், 1972இல் வெளியிட்ட தம் நூலில், கதைசொல்லி மூச்சுவிட்டு நிறுத்திய இடங்களில் எல்லாம் வரியை முறித்து அச்சிட்டார் என்பது மற்றொன்று. உரக்கச் சொன்ன சொற்களைப் பெரிய எழுத்தில் அமைத்தார். படிப்பவர் அந்தப் பக்கத்தைப் பார்த்து அப்படியே வாய்விட்டுச் சொல்லலாம்.

மாணவி அன்றிரவு பதிவை ஓடவிட்டு, அப்பத்தா நிறுத்திய இடங்களில் எல்லாம் கோடிட்டாள். 'யோசிச்சுச்சாம்' என்பதற்குப் பின் வரும் இடைவெளிதான் மிக நீளமானது. வேறெங்கும் அப்பத்தா அவ்வளவு நேரம் நிறுத்தவில்லை. அந்த இடத்தை அவள் நான்கு சிறிய வரிகளாக எழுதினாள்:

ஷீ டுக் த வடை அவுட் ஆஃப் ஹெர் பீக்.
ஷீ புட் இட் அண்டர் ஹெர் ஃபுட்.
ஷீ ஹெல்ட் இட் டைட்.
அண்ட் தென் ஷீ சேங்.

வினையெச்சங்கள் மூன்றும் ஆங்கிலத்தில் தனித்தனி வினைமுற்றுகளாகிவிட்டன. எனினும் வரிசை காப்பாற்றப்பட்டது. மூன்று வரிகள் ஒரே சொல்லில் தொடங்குவதால், 'ஆம்' தந்த ஓசைக்கு ஈடாக ஓர் ஓசையும் கிடைத்தது. தமிழ் தொடரின் கடைசியில் தந்த இயைபை ஆங்கிலம் தொடரின் முதலில் தந்தது.

வடையும் அக்காவும்

'டோனட்' என்னும் சொல்லை அவள் நீக்கினாள். சிறுவனின் மனத்தில் அது இனிப்புப் பண்டமாகத்தான் தோன்றியது. 'வடை' என்றே எழுதி, பாட்டி சுடும் இடத்தில், கொதிக்கும் எண்ணெயில் அது சீறுவதையும், உப்பும் மிளகும் கலந்து மணப்பதையும் சில சொற்களில் சேர்த்தாள். அடிக்குறிப்பு இடவில்லை, கதை கேட்கும் குழந்தை அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை. 'டபக்குனு' என்பதையும் அப்படியே விட்டாள். கொத்தும் ஓசை அதற்குள்ளேயே இருப்பதால் அது எம்மொழிக் காதுக்கும் புரியும் என்று எண்ணினாள்.

'காக்கா அக்கா' என்ற விளிதான் அவளை நெடுநேரம் தடுத்து நிறுத்தியது. நரி அழகைப் புகழும் முன்பே உறவுமுறையால் நெருங்குகிறது. முன்பின் அறியாத ஒருத்தியை 'அக்கா' என்பது நம் ஊரில் மரியாதை. நரியின் வாயில் அது தந்திரம். ஆங்கிலத்தில் 'சிஸ்டர்' என்று மட்டும் எழுதினால் மருத்துவமனைச் செவிலியோ கன்னியர் மடத்துத் துறவியோ நினைவுக்கு வரக்கூடும். 'மூத்தவள்' என்னும் பணிவும் அதில் இல்லை. அவள் 'பிக் சிஸ்டர் க்ரோ' என்று எழுதி, அப்பத்தாவைப் போலவே இருமுறை சொல்லவைத்தாள். 'காக்கா', 'அக்கா' என்னும் சொற்களின் ஓசை ஒற்றுமை போய்விட்டது. அதற்கு அவளால் மாற்றுக் காண முடியவில்லை.

கதையின் நீதி எது?

இறுதியில் அவள் தான் எழுதிய நீதிக்கு வந்தாள். 'புகழ்ச்சிக்கு மயங்காதே' என்பது எந்தக் கதையின் நீதி? காக்கை வாய் திறந்து உணவை இழக்கும் கதை ஈசாப்பின் பெயரால் வழங்குவது; 1668இல் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன் அதைப் பாடலாக்கினார். அந்தக் கதைக்கு அந்த நீதி பொருந்தும். பௌத்த சாதகக் கதைகளுள் ஒன்றிலும் நரி ஒன்று, நாவல் மரத்தில் இருக்கும் காக்கையைப் புகழ்கிறது. காக்கை மகிழ்ந்து கிளையை உலுக்கிப் பழங்களை உதிர்க்கிறது. அம்மரத்தில் வாழும் தேவதை இருவரையும் கடிந்து விரட்டுகிறது. அங்கே புகழ்ந்தவரும் புகழப்பட்டவரும் பொய்யர்கள் என்பதே நீதி.

அப்பத்தாவின் காக்கை இந்த இரண்டு காக்கைகளும் அல்ல. அது புகழைத் தள்ளவில்லை, நரியோடு சண்டையிடவில்லை, கேட்ட பாட்டையும் பாடிவிட்டது. ஆனால் பாடுவதற்கு முன் ஒரு கணம் யோசித்து, கைப்பொருளுக்குக் காவல் வைத்துவிட்டது. 'யாரோடும் பேசு, பாடு. ஆனால் உன் வடையைக் காலுக்கடியில் வைத்துவிட்டுப் பாடு' என்பதே அதன் நீதி. 'புகழ்ச்சிக்கு மயங்காதே' என்று எழுதியபோது, மாணவி தமிழ்க் கதையின் கீழே வேறொரு கதையின் நீதியை ஒட்டிவிட்டாள்.

அந்தத் தந்திரம் வெறும் கற்பனையும் அன்று. மதிற்சுவரில் வைத்த இட்லியைக் காக்கை தூக்கிச் சென்று, ஒரு காலால் அழுத்திக்கொண்டு அலகால் கொத்தித் தின்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். யாரோ ஒருவர் உண்மையான காக்கையைக் கூர்ந்து பார்த்துத்தான் கதையின் முடிவை இப்படி மாற்றியிருக்க வேண்டும்.

மேலும், அப்பத்தா ஒருபோதும் நீதியைச் சொன்னதில்லை. கேள்விதான் கேட்டார்; விடையைப் பிள்ளைகளே சொன்னார்கள். எனவே மாணவி நீதி வரியை அடித்துவிட்டு அந்தக் கேள்வியை எழுதினாள்.

மூன்றாம் ஞாயிறு

இம்முறை அவள் நின்றுகொண்டு படித்தாள். அப்பத்தா அருகில் வந்து அமர்ந்தார். நரி வந்ததும் சிறுவன், "எனக்குத் தெரியும்" என்று மீண்டும் தொடங்கினான். காக்கை யோசித்தது. மாணவி நிறுத்தினாள். பதிவில் அப்பத்தா நிறுத்திய அளவுக்கே நிறுத்தினாள். சிறுவன் திரைக்கு மிக அருகில் வந்து, "டோண்ட் சிங்!" என்று காக்கைக்கு எச்சரிக்கை செய்தான்.

அவள் அடுத்த வரியைப் படித்தாள். அதற்கடுத்த வரியையும் படித்தாள். 'ஃபுட்' என்ற சொல் வந்ததும் அவன் கண்கள் விரிந்தன. காக்கை பாடும் முன்னரே அவன் சிரிக்கத் தொடங்கிவிட்டான். நரி நின்றது, நின்றது, நின்றது. வடை விழவே இல்லையாம்.

"இந்த எடத்துலதான் நீயும் சிரிப்ப" என்றார் அப்பத்தா, பேத்தியைப் பார்த்து.

ஏமாந்தது யார் என்ற கேள்விக்குச் சிறுவன், "ஃபாக்ஸ்!" என்று கூவினான். அதைப் புரிந்துகொள்ள அப்பத்தாவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஆனால் சிறுவன் அத்துடன் நிற்கவில்லை. அந்தப் பாட்டியின் வடை போனது போனதுதானா, காக்கையும் திருடிதானே என்று கேட்டான். மாணவி அதைத் தமிழில் சொன்னதும், அப்பத்தா சற்று யோசித்தார். இத்தனை ஆண்டுகளில் எந்தப் பிள்ளையும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

"அதுக்கப்புறம் பாட்டி வடைச்சட்டிய மூடி வச்சே வித்தாளாம்" என்றார்.

மாணவி தன் தாளின் அடியில் ஒரு வரியைச் சேர்த்து எழுதினாள். அதன் முடிவில், நான்காவது முறையாக, 'தே ஸே' என்று எழுதினாள்.